சவர் காக்டெயில் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

சவர் வகைக் காக்டெயிலில் இருப்பது நாலே விஷயம்தான்: மது, தித்திப்பு, புளிப்பு, தண்ணீர். முதல் மூன்றையும் நாம் அளந்து ஊற்றுகிறோம். நாலாவதை ஐஸ் ஊற்றுகிறது, அதை யாரும் அளப்பதில்லை. "சரியா வரலை" என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு அந்தத் தண்ணீரில்தான் இருக்கும். ஆனால் அவர்கள் கை போவது சர்க்கரை மேல். சர்க்கரை போட்டதும் தித்திப்பு கூடும், அதைக் குறைக்க எலுமிச்சை, அதை மறைக்க இன்னும் கொஞ்சம் ரம் என்று போய், கடைசியில் பெரிய டம்ளர் நிறைய எதுவோ ஒன்று இருக்கும்.

கீழே எல்லாவற்றையும் டைக்கிரி என்ற ரம் சவரை வைத்தே சொல்கிறேன். டைக்கிரி என்பது கியூபாவில் சாண்டியாகோ நகருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஊரின் பெயர். 1898 வாக்கில் அங்கே இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த அமெரிக்கப் பொறியாளர் ஜென்னிங்ஸ் காக்ஸ் கலக்கியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ரம், எலுமிச்சை, சர்க்கரை தவிர அதில் ஒன்றும் இல்லை. மறைத்துக்கொள்ள முட்டை வெள்ளைக்கருவோ மசாலாவோ இல்லாததால், எது தப்பினாலும் நாக்கில் அப்படியே தெரியும். பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பானம் கிடையாது. இங்கே சொல்வது விஸ்கி சவருக்கும் ஜின் சவருக்கும் அப்படியே பொருந்தும். மார்கரிட்டா மட்டும் கொஞ்சம் வேறு: அதில் தித்திப்பைத் தருவது ஆரஞ்சு லிக்கர். அது மதுவையும் சேர்த்தே கொண்டுவருவதால் கணக்கு மாறிவிடும்.

## முதலில், எது சரியான அளவு?

வெள்ளை ரம் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 22.5 மி.லி., சர்க்கரை சிரப் 22.5 மி.லி. சிரப் என்பது எடையில் சரிபாதி: 100 கிராம் சர்க்கரைக்கு 100 கிராம் தண்ணீர், கரையும் வரை கலக்கியது. ஷேக்கரில் முக்கால்வாசி ஐஸ், 10 முதல் 12 விநாடி பலமான குலுக்கல், குளிரவைத்த கிளாஸில் வடிகட்டல், அவ்வளவுதான்.

பெக் அளக்கும் குப்பியில் 30, 60 கோடு மட்டும் இருக்கும், 22.5 இருக்காது. ஒன்றரை டேபிள்ஸ்பூன் என்றால் அதே அளவுதான். மருந்துக் கடையில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கீழே வரும் பரிசோதனைகளுக்கு அது வேண்டியிருக்கும்.

ஷேக்கருக்குள் போகும்போது மொத்தம் 105 மி.லி. கிளாஸில் விழும்போது சுமார் 150 மி.லி. இந்த வித்தியாசம் முழுக்க ஐஸ் உருகிய தண்ணீர். குடிக்கப்போவதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஷேக்கருக்குள் சேர்ந்தது என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

## எந்த அறிகுறி என்றே தெரியவில்லையா?

"ஏதோ சரியில்லை, ஆனா என்னன்னு தெரியலை" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் புகார். அதற்கு நாலு சின்னக் கிளாஸ் போதும். குலுக்கி வடிகட்டிய பானத்தை ஒவ்வொன்றிலும் 20 மி.லி. ஊற்றுங்கள். முதலாவதை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் அரை மி.லி. சிரப், மூன்றாவதில் அரை மி.லி. எலுமிச்சை, நாலாவதில் ஒன்றரை மி.லி. குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கலக்குங்கள்.

வரிசையாக ருசி பாருங்கள். எது மற்றவற்றைவிடத் தெளிவாக நன்றாக இருக்கிறதோ அதுதான் குறைகிறது. சின்னக் கிளாஸில் விட்ட அரை மி.லி., முழுக் கிளாஸ் கணக்கில் கிட்டத்தட்ட 4 மி.லி. அடுத்த முறை அதில் பாதியிலிருந்து தொடங்கிச் சேர்த்துப் பாருங்கள். முதல் கிளாஸே நன்றாக இருந்தால் கோளாறு அளவில் இல்லை. கசப்பு, வாசனை பற்றிய பகுதிக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பரிசோதனையைக் குலுக்கிய பானத்தில் மட்டும் செய்யுங்கள். குலுக்குவதற்கு முன் ஷேக்கரில் விரல் விட்டு நக்கிப் பார்த்து அளவை மாற்றுகிறவர்கள் உண்டு. அறை வெப்பத்தில் தித்திப்பு தூக்கலாகத் தெரியும், குளிர்ந்ததும் அடங்கிவிடும். புளிப்பு அந்த அளவுக்கு அடங்காது. ஷேக்கரில் கச்சிதமாக இருந்தது கிளாஸில் வெடுக்கென்று புளிக்கும்.

## அறிகுறி: புளிப்பு தூக்கல்

### பழக் கணக்கில் பிழிந்தீர்களா?

இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. செலவே இல்லை. "ஒரு டம்ளருக்கு ஒரு பழம்" என்ற கணக்கு ஜூஸுக்குச் சரி, இங்கே உதவாது. ஒரே தட்டில் வாங்கிய எலுமிச்சையில் ஒன்று 12 மி.லி. தரும், பக்கத்தில் இருப்பது 25 தரும். சாற்றைத் தனியாகப் பிழிந்து, அளந்து, பிறகு ஊற்றுங்கள்.

மாடி வீட்டுத் தம்பி ஒருவருடைய டைக்கிரியை எடுத்துக்கொள்வோம். "அண்ணே, சர்க்கரை எவ்வளவு போட்டாலும் புளிக்குது, ஆனா திகட்டவும் செய்யுது" என்றார். இரண்டும் ஒன்றாக வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சாறும் சிரப்பும் சேர்ந்து கூடிவிட்டன, ரம் காணாமல் போய்விட்டது. ரம் 60 மி.லி. சரியாகத்தான் ஊற்றியிருந்தார். எலுமிச்சை "ரெண்டு பழம்". அதே மாதிரி இரண்டு பழத்தைப் பிழிந்து அளக்கச் சொன்னேன். 38 மி.லி. வந்தது. அந்தப் புளிப்பை அடக்க சிரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 36 மி.லி. வரை போயிருக்கிறார். சாற்றுக்கும் சிரப்புக்கும் இடையில் பார்த்தால் சமன்தான். ஆனால் 60 ரம்முக்கு அது இரண்டும் மிக அதிகம். அதனால்தான் நாக்கின் ஓரத்தில் புளிப்பு, நடுவில் திகட்டல், மது எங்கேயும் இல்லை.

ஊற்றிய சாற்றை எடுக்க முடியாது. அதனால் குறைவானதைக் கூட்டுவதுதான் வழி. இன்னும் 40 மி.லி. ரம் சேர்த்தால் ரம் 100, சாறு 38, சிரப் 36. ஒரு கிளாஸ் கணக்குக்குக் கொண்டுவந்து பாருங்கள்: 60-க்கு 22.8, 21.6. நாம் தொடங்கிய அளவுக்கே வந்துவிட்டது. கெட்டுப்போன ஒரு கிளாஸ், நல்ல இரண்டு கிளாஸாக ஆகிவிடும். இதைக் குலுக்குவதற்கு முன்பே கண்டுபிடித்தால் சுலபம். குலுக்கி முடித்திருந்தால் ரம் சேர்த்தபின் புது ஐஸில் நாலைந்து விநாடி மட்டும் குலுக்குங்கள். தண்ணீர் ஏற்கெனவே பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது.

### சிரப்பைக் கப்பால் அளந்தீர்களா?

ஒரு கப் சர்க்கரை சுமார் 200 கிராம், ஒரு கப் தண்ணீர் 240 கிராம். கப்புக்குக் கப் என்று போட்டால் தண்ணீர் ஜாஸ்தியாகி, சிரப்பில் தித்திப்பு சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இது தப்பு இல்லை, எப்போதும் அப்படியே செய்தால் பழகிவிடும். ஆனால் எடைக் கணக்கில் எழுதிய அளவோடு கப் சிரப்பைச் சேர்த்தால் புளிப்பு எட்டிப் பார்க்கும். 22.5-க்குப் பதில் 25 மி.லி. ஊற்றிப் பாருங்கள். சமையலறைத் தராசு இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

### தராசு, பழம் எல்லாம் சரி, இன்னும் புளிக்கிறது

பழமே அதிகப் புளிப்பாக இருக்கலாம். நம் ஊர்ச் சின்ன எலுமிச்சை, வெளிநாட்டு மதுக்கூடங்களில் பயன்படுத்தும் பெரிய பச்சை எலுமிச்சையைப் போல் இருக்காது. பருவத்துக்குப் பருவமும் மாறும். இதைப் பார்க்க ரம்மே வேண்டாம். 22.5 சாறு, 22.5 சிரப், 105 மி.லி. ஐஸ் தண்ணீர் கலந்து குடித்துப் பாருங்கள். கொஞ்சம் அழுத்தமான, ஆனால் குடிக்கும்படியான எலுமிச்சை ஜூஸ் கிடைக்க வேண்டும். முகம் சுளித்தால் அன்றைய பழத்துக்குச் சாறு 20 மி.லி. போதும். ஜூஸ் நன்றாக இருந்தும் டைக்கிரி புளிக்கிறது என்றால் சாற்றையும் சிரப்பையும் தொடாதீர்கள், தண்ணீர்ப் பகுதிக்குப் போங்கள். தண்ணீர் அதிகமாகி ரம் அடங்கிப்போனால் மிஞ்சி நிற்பது புளிப்பு மட்டும்தான். "புளிக்குது" என்று நாக்கு சொல்வதில் நல்ல பங்கு உண்மையில் "நீர்த்துப்போச்சு" என்பதுதான்.

## அறிகுறி: திகட்டல்

சிரப்பை அடுப்பில் வைத்தீர்களா என்று முதலில் கேட்பேன். குலாப் ஜாமூனுக்குப் பாகு காய்ச்சிப் பழகிய கை, இதையும் கொதிக்க வைத்துவிடும். பிசுக்குப் பதம் வந்தால் போச்சு: தண்ணீர் ஆவியாகி, அதே 22.5 மி.லி.க்குள் சர்க்கரை எக்கச்சக்கமாகக் கூடியிருக்கும். எவ்வளவு கூடியது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. அதை ஃபில்டர் காபிக்கோ ஜூஸுக்கோ வைத்துக்கொண்டு, புதிதாக வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கிச் செய்யுங்கள். வேண்டுமென்றே கெட்டியாக, இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று செய்கிறவர்களும் உண்டு. அந்தச் சிரப்பில் 15 மி.லி. ஊற்றினால் நம் 22.5-க்குச் சமம். இரண்டு வகையும் ஃபிரிட்ஜில் இருந்தால் பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

சிரப் சரி என்றால் அடுத்தது ரம். இந்தியாவில் எளிதாகக் கிடைப்பது கறுப்பு ரம். அதில் வெனிலா, கருகிய சர்க்கரை வாசனை தூக்கலாக இருப்பதால் நாக்கு அதைத் தித்திப்பாகவே எடுத்துக்கொள்ளும். அதை வைத்துச் செய்ய நினைத்தால் சிரப்பை 18 அல்லது 20 மி.லி.க்கு இறக்குங்கள். எனக்கு அந்தக் கலவை பிடிக்கும், ஆனால் அதை டைக்கிரி என்று சொல்ல மனசு வராது.

முதல் வாய் நன்றாக இருந்து, பாதிக் கிளாஸில் திகட்டுகிறதா? அளவில் பிழையில்லை, சூடேறிவிட்டது. டைக்கிரி ஐஸ் இல்லாமல் பரிமாறுவது. ஷேக்கரிலிருந்து வரும்போது பூஜ்யத்துக்கும் கீழே நாலைந்து டிகிரி இருக்கும். சென்னை மே மாதத்தில் பத்து நிமிடம் தாங்காது. கிளாஸை ஃப்ரீஸரில் அரைமணி வையுங்கள். அதற்கும் மேல் மெதுவாகக் குடிக்கிறவர் என்றால் அளவையே சின்னதாக்குங்கள்: ரம் 45, சாறு 17, சிரப் 17. சின்னக் கிளாஸ் இரண்டு முறை குடிப்பது, பெரிய கிளாஸ் ஒன்று சூடாகிப் போவதைவிட மேல்.

## அறிகுறி: தண்ணியாக, சப்பென்று இருக்கிறது

### ஐஸ் ஈரமா?

கேட்டால் எல்லோரும் "ரொம்ப நேரம் குலுக்கிட்டேன்" என்பார்கள். பெரும்பாலும் அது காரணமில்லை. பன்னிரண்டு விநாடி வாக்கில் பானம் போதுமான அளவு குளிர்ந்துவிடும். அதன்பின் ஐஸ் உருகும் வேகம் சட்டென்று குறைந்துவிடும். இருபது விநாடி குலுக்கினாலும் பெரிதாகக் கூடாது. உண்மையான திருடன், ஐஸின் மேல் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் தண்ணீர். வாளியில் கொட்டி வைத்து அரைமணி ஆன ஐஸில், குலுக்கத் தொடங்கும் முன்பே நாலைந்து ஸ்பூன் தண்ணீர் உங்கள் ஷேக்கருக்குள் போய்விடுகிறது.

பரிசோதனை சுலபம். ஷேக்கரில் போடப்போகும் ஐஸை ஒரு வடிகட்டியில் கொட்டி ஒரு உதறு உதறுங்கள். கீழே தண்ணீர் சொட்டினால் அதுதான் காரணம். ஃப்ரீஸரிலிருந்து நேராக வரும் ஐஸ் மங்கலாக இருக்கும், விரலில் ஒட்டும். பளபளவென்று மின்னினால் ஈரம். வேறு வழியில்லை, ஈர ஐஸ்தான் இருக்கிறது என்றால் உதறிவிட்டு ஷேக்கர் நிறையப் போடுங்கள், எட்டு விநாடியில் நிறுத்துங்கள். குறைவான ஐஸ் போட்டால் தண்ணீர் குறையும் என்று நினைப்பது தலைகீழ். ஐஸ் நிறைய இருந்தால்தான் சீக்கிரம் குளிரும்.

தட்டையான சின்னச் சில்லுகளாக விழும் ஐஸிலும் இதே தொல்லை. மேற்பரப்பு அதிகம், ஒட்டும் தண்ணீரும் அதிகம். இரண்டு மூன்று செ.மீ. கட்டிகள் வரும் தட்டு வாங்குங்கள். விலை அதிகமில்லை.

### குலுக்கிவிட்டுப் போட்டுவைத்தீர்களா?

போன் வந்தது, யாரோ கூப்பிட்டார்கள் என்று ஷேக்கரை மேஜையில் வைத்துவிட்டுப் போனால், வரும்போது வேறு பானம் இருக்கும். குலுக்கி முடித்த கையோடு வடிகட்டுங்கள்.

### தராசு என்ன சொல்கிறது?

சந்தேகம் தீர வேண்டுமானால் எடை பாருங்கள். காலிக் கிளாஸைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, குலுக்கியதை வடிகட்டுங்கள். 150 கிராமை ஒட்டி வந்தால் தண்ணீர் சரி. 175-ஐத் தாண்டினால் மேலே சொன்ன ஐஸ் சமாச்சாரம். 150-க்குள் இருந்தும் சப்பென்று இருந்தால் தண்ணீர் குற்றவாளி இல்லை. ரம்மை அளந்தது தப்பியிருக்கும், அல்லது சாறு பழசாகிச் சோம்பியிருக்கும்.

### எப்போது ஆளைக் கூப்பிடுவது?

ஃப்ரீஸரிலிருந்து எடுத்த ஐஸே எப்போதும் ஈரமாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக வருகிறது என்றால் அது ஃப்ரீஸர் குளிர்ச்சியை விட்டு விட்டுப் பிடிக்கிறது என்பதற்கு அடையாளம். ஒரு தெர்மாமீட்டரை உள்ளே இரவு முழுக்க வையுங்கள். மைனஸ் 18 வாக்கில் இருக்க வேண்டும். கதவில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் விளிம்பு போய்விட்டது. ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம் அது. காக்டெயிலுக்காக இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் மீனுக்காகவாவது.

## அறிகுறி: காரம், மூக்கில் ஏறும் நெடி

முதல் வாயிலேயே மூக்கில் ஏறி, தொண்டையில் எரிந்தால் தண்ணீர் போதவில்லை. கிளாஸில் 10 மி.லி. குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடியுங்கள். வாசனை திறந்து, புளிப்பும் தித்திப்பும் முன்னால் வந்தால் குலுக்கல்தான் பற்றவில்லை. நெடி குறையாமல் வெறுமனே நீர்த்துப்போனால் சாறும் சிரப்பும் குறைவு. இரண்டையும் சம அளவில் 3 மி.லி. ஏற்றுங்கள், ஒன்றை மட்டும் ஏற்றாதீர்கள்.

குலுக்கல் பற்றவில்லை என்பதை எடையும் காட்டிக்கொடுக்கும்: 135 கிராமுக்குக் கீழே. நாலு ஆட்டு ஆட்டிவிட்டு "ஷேக்கர் வேர்த்திடுச்சு, போதும்" என்று நிறுத்துவதுதான் வழக்கமான காரணம். கடற்கரை ஊர்களில் ஷேக்கர் இரண்டு விநாடியில் வேர்த்துவிடும். அது காற்றின் ஈரம், உள்ளே இருப்பதன் குளிர்ச்சி இல்லை. வெளிப்புறம் வெள்ளையாக உறைபனி படிந்து, கையில் பிடிக்க வலிக்கிற வரை குலுக்குங்கள்.

இந்திய பாட்டில்களில் மதுவின் அளவு 42.8 சதவீதம் என்று இருக்கும், வெளிநாட்டு அளவுகள் பெரும்பாலும் 40-ஐ வைத்து எழுதியவை. அந்த வித்தியாசத்துக்கு இரண்டு விநாடி கூடுதல் குலுக்கல் போதும். ஆனால் 50-க்கு மேல் உள்ள ரம் என்றால் அளவையே 45 மி.லி.க்குக் குறைக்க வேண்டும். குலுக்கிச் சரிசெய்ய முடியாது.

## அறிகுறி: கசப்பு, வேண்டாத வாசனை

கசப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிய, மிச்சமிருக்கும் சாற்றில் ஒரு ஸ்பூனைத் தண்ணீரில் விட்டுக் குடித்துப் பாருங்கள். அங்கேயே கசந்தால் பிழிந்த விதம் தப்பு. தோலைத் திருகித் திருகிக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தால் தோலின் எண்ணெயும் வெள்ளைச் சதையின் கசப்பும் இறங்கும். மிக்ஸியில் விதையோடு அடித்தாலும் அதே கதி. ஒரு அழுத்து, அவ்வளவுதான், மீதியை ரசத்துக்கு விடுங்கள். முந்தின நாள் பிழிந்து வைத்த சாறும், கெடாமல் இருக்க மருந்து சேர்த்த பாட்டில் சாறும் இந்தப் பானத்துக்கு ஆகாது.

சாறு கசக்கவில்லை என்றால் ஐஸை முகர்ந்து பாருங்கள். ஒரு கட்டியைக் கிளாஸில் உருகவிட்டு மோந்தால் ஃப்ரீஸரில் மீன் இருந்ததா, அரைத்த பூண்டு இருந்ததா என்று சொல்லிவிடலாம். குடிக்கப்போவதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இந்தத் தண்ணீர்தானே. ஐஸை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

## அறிகுறி: முதல் கிளாஸ் எரிகிறது, கடைசிக் கிளாஸ் தண்ணீர்

விருந்து வீட்டுப் புகார் இது. ஒரு பாட்டில் ரம், அதற்கேற்ற சாறு, சிரப் எல்லாவற்றையும் ஒரு பெரிய ஜாடியில் ஊற்றி, மேலே ஐஸைக் கொட்டி மேஜையில் வைத்திருப்பார்கள். முதலில் ஊற்றிக்கொண்டவருக்கு ஐஸ் உருகியிருக்காது. கடைசியில் வந்தவருக்கு எல்லாம் உருகியிருக்கும். நடுவில் வந்த ஒருவர் மட்டும் "பிரமாதம்" என்பார்.

இங்கே ஐஸ் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளையும் பிரித்துவிட வேண்டும். தண்ணீரை நாமே அளந்து ஊற்றுவோம், குளிர்ச்சியை ஃப்ரீஸர் பார்த்துக்கொள்ளும். 750 மி.லி. பாட்டில் ஒன்றுக்குச் சாறு 280 மி.லி., சிரப் 280 மி.லி., குடிதண்ணீர் 625 மி.லி. மொத்தம் 1,935 மி.லி. இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றில் அடங்கும். பன்னிரண்டு கிளாஸ் வரும். எலுமிச்சை இருபதாவது வாங்கி வையுங்கள். அன்றைக்கே பிழிந்து, அன்றைக்கே கலந்து, ஃப்ரீஸரில் இரண்டு மூன்று மணி நேரம். இரவு முழுக்க விடாதீர்கள். இந்த அளவு மது முழுசாக உறையாது, ஆனால் சர்பத் ஐஸ் மாதிரி கூழாகிவிடும், உறைந்ததும் உறையாததும் தனித்தனியாகப் பிரியும். அப்படி ஆகிவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வைத்து, உருகியபின் பாட்டிலை நன்றாகக் கவிழ்த்துக் கலக்கி ஊற்றலாம்.

குலுக்கும்போது கிடைக்கும் நுரைத்த மென்மை இதில் வராது. அது இல்லாமல் முடியாது என்கிறவர் வந்தால் அவருக்கு மட்டும் தனியாகக் குலுக்கிக் கொடுங்கள். இன்னொன்று, ஒரு கிளாஸில் ஒரு லார்ஜ் பெக்குக்கு மேல் ரம் இருக்கிறது. ஜூஸ் மாதிரி இறங்குவதால் யாருக்கும் தெரியாது. ஊற்றுகிறவர் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். வண்டி ஓட்டப் போகிறவருக்கு மேலே சொன்ன எலுமிச்சை ஜூஸ் இருக்கிறது.

ஐம்பது பேருக்கு மேல் என்றால் இந்த வேலையைத் தலையில் போட்டுக்கொள்ளாமல் ஒரு பார்டெண்டரை அமர்த்துங்கள். அவருடைய கைத்திறமையைவிட அவர் கொண்டுவரும் ஐஸ்தான் முக்கியம். வீட்டு ஃப்ரீஸர் ஈடுகொடுக்காது. அதற்காக மீன் சந்தையில் விற்கும் பார் ஐஸை உடைத்து ஷேக்கரில் போடாதீர்கள், அது குடிக்கத் தகுந்த தண்ணீரில் செய்ததல்ல. குடிதண்ணீர் ஐஸ் என்று பையில் அடைத்து விற்பதைக் கேட்டு வாங்குங்கள்.

## பாட்டில் மேலேயே சந்தேகமா?

மூடியின் சீல் உடைந்திருந்தாலோ, லேபிள் கோணலாக ஒட்டியிருந்தாலோ, எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாவிட்டாலோ கொட்டிவிடுங்கள். "காக்டெயில்ல கலந்தா தெரியாது" என்று எடுத்து வைக்கக் கூடாது. மெத்தனால் கலந்திருந்தால் ருசியிலோ வாசனையிலோ கண்டுபிடிக்க முடியாது, சர்க்கரையோ எலுமிச்சையோ அதை முறிக்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது அப்படிப்பட்ட சாராயத்தால்தான். குடித்து அரைநாளோ ஒருநாளோ கழித்துக்கூட வாந்தி, கடுமையான வயிற்றுவலி, மூச்சுத் திணறல், கண் மங்கல் வரலாம். கண் மங்கினால் காலை வரை பார்க்கலாம் என்று படுக்காமல் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன குடித்தீர்கள், எப்போது குடித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், பாட்டில் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். அதே பாட்டிலில் குடித்த மற்றவர்களுக்கும் உடனே போன் செய்யுங்கள், அவர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாவிட்டாலும்.